காணாமற்போன 14 நாட்கள்: அரசு அறிவிப்புகளைத் தமிழில் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட அலுவலகங்களிலும் துறைத் தலைமை அலுவலகங்களிலும் பொதுமக்களுக்கான கடிதங்களையும் அறிவிப்புகளையும் தமிழில் வரையும் அலுவலர்களுக்கு,

வணக்கம். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளை எழுதி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் எங்கள் ஊர் நூலக வாசலில் அமர்ந்து, அரசுக் கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வருவோருக்கு அவற்றைப் படித்துப் பொருள் சொல்லி வருகிறேன். பணியில் இருந்த காலத்தில் நானே எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்களை இன்று மேசையின் மறுபக்கத்திலிருந்து படிக்கிறேன் என்பதால், இம்மடலில் உள்ள குறைகூறல் எனக்கும் உரியதே.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார் இரண்டு தாள்களுடன் வந்தார். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் அவர் கொடுத்த மனு ஓர் அலுவலகத்திற்கு ஜூன் 3 அன்று கிடைத்திருந்தது. நகலெடுக்கும் செலவுக்காகக் கூடுதல் கட்டணம் கேட்டு அந்த அலுவலகம் ஜூன் 18 அன்று கடிதம் அனுப்பியது. அவர் ஜூலை 2 அன்று பணத்தைச் செலுத்தினார். ஜூலை 3 அன்று 30 நாட்கள் முடிந்துவிட்டன என்று எண்ணி, ஜூலை 4 அன்றே முதல் மேல்முறையீட்டை அனுப்பினார். உரிய காலம் முடியுமுன் செய்யப்பட்டது என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. அவர் கையில் இருந்த முதல் தாள் அந்தக் குறிப்பு. இரண்டாவது, அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்ததை அவர் மகன் எழுதிக்கொண்டு வந்த தாள். பலகையில் இருந்தது இதுதான்:

"தகவல் கோரும் மனுக்கள் பெறப்படும். கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். 30 நாட்களுக்குள் தகவல் வழங்கப்படும். மனு நிராகரிக்கப்படலாம். உயிர், சுதந்திரம் தொடர்பான தகவல் 48 மணி நேரத்திற்குள் வழங்கப்படும்."

கட்டணம் கேட்டு வந்த கடிதம் எங்கே என்று கேட்டேன். பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த ஒரே வாக்கியம்:

"தங்களது மனுவில் கோரியுள்ள தகவல்களை வழங்குவதற்கு ஆகும் செலவினமாகக் கூடுதல் கட்டணம் செலுத்தப்பட வேண்டியுள்ளதால், அதன் விவரம் இணைப்பில் தெரிவிக்கப்பட்டு இக்கடிதம் அனுப்பப்படும் நாளுக்கும் தங்களால் அக்கட்டணம் செலுத்தப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நீங்கலாகக் கணக்கிடப்படும் முப்பது நாட்களுக்குள் தகவல்கள் வழங்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது."

கடிதம் பிழையற்றது. சட்டத்தின் 7(3)(அ) பிரிவு சொல்வதும் இதுதான்: கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பியதற்கும் பணம் செலுத்தியதற்கும் இடையில் கழிந்த காலம் 30 நாள் கணக்கில் சேராது. ஜூன் 18 முதல் ஜூலை 2 வரை 14 நாட்கள். அவற்றைத் தள்ளினால் கெடு ஜூலை 17 வாக்கில்தான் முடியும். ஆனால் அந்த 14 நாட்கள் "நீங்கலாகக் கணக்கிடப்படும்" என்ற இரண்டு சொற்களுக்குள், மூன்று அடுக்கு எச்சங்களுக்கு அடியில் கிடந்தன. தொகையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, நாட்கணக்குக்கு அவர் பலகையை நம்பினார். பலகை எளிமையாகத்தான் இருந்தது. அந்த எளிமையில் 14 நாட்கள் காணாமற்போயின. நீண்ட வாக்கியம் புரியவில்லை, குட்டை வாக்கியங்கள் பொய்யாகிவிட்டன என்ற இந்த இரட்டை நிலையைப் பற்றியே உங்களுக்கு எழுதுகிறேன்.

நீண்ட வாக்கியத்தைச் சிறிதாக்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இராது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஒரு வாக்கியத்தின் முடிவைத் தெரிந்துகொள்ளும் வரை அதற்கு முன்னால் வந்த நிபந்தனைகள், காரணங்கள், விலக்குகள் எல்லாவற்றையும் படிப்பவர் நினைவில் சுமந்து செல்ல வேண்டியுள்ளது. "வழங்கப்படும்" என்பதா "வழங்க இயலாது" என்பதா என்பதே கடைசிச் சொல்லில்தான் வெளிப்படுகிறது. ஆகவே வெட்டத்தான் வேண்டும். ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதைப் பார்த்து வெட்ட வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் இரண்டு கருத்துகளைப் பிணைக்கும் உறவு பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்பதில்லை. வினையின் ஈற்றிலேயே ஒட்டியிருக்கிறது. "செலுத்தினால்" என்பதில் நிபந்தனை, "செலுத்தியதால்" என்பதில் காரணம், "செலுத்தினாலும்" என்பதில் தடையை மீறிய விளைவு, "செலுத்தும்வரை" என்பதில் கால எல்லை, "செலுத்தினாலன்றி" என்பதில் விலக்கு. நீண்ட வாக்கியத்தை வெட்டும்போது நாம் இயல்பாகச் செய்வது என்ன? எச்சத்தை முற்றாக்குகிறோம். "செலுத்தினால்" என்பது "செலுத்த வேண்டும்" என்று ஆகிறது. வாக்கியத்தின் பின்பாதி ஒரு தனி வாக்கியமாகிறது. சொற்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஈற்றோடு உறவும் போய்விட்டது. வெட்டப்பட்ட ஒவ்வோர் ஈற்றுக்கும் ஈடாக அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு சொல் பிறக்க வேண்டும்: அவ்வாறாயின், அதனால், ஆயினும், அதுவரை, இதற்கு விலக்காக. பலகையில் உள்ள ஐந்து வாக்கியங்களில் அப்படி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதன் விளைவை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். "கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்" என்பது கூடுதல் செலவு ஆகும் மனுக்களுக்கு மட்டும் உரிய செய்தி. பலகையில் அது எல்லா மனுதாரருக்கும் கட்டளையாக நிற்கிறது. கட்டணத்துக்கும் 30 நாட்களுக்கும் இடையே உள்ள தொடர்பு முற்றிலும் மறைந்துவிட்டது. "மனு நிராகரிக்கப்படலாம்" என்பது அலுவலரின் விருப்பம்போல் ஒலிக்கிறது. உண்மையில் 7(1) பிரிவு, 8, 9 ஆகிய பிரிவுகளில் கூறிய காரணங்களுள் ஒன்று இருந்தால் மட்டுமே நிராகரிக்க அனுமதிக்கிறது, அதையும் அதே 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்கிறது. கடைசி வாக்கியமும், 30 நாள் விதிக்கு விலக்கு என்று தன்னை அறிவித்துக்கொள்ளாமல் இன்னொரு விதியைப்போல் நிற்கிறது.

இதே செய்தியை நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் வினைமுற்றைத் தேடுவேன். பிறகு அதற்குரிய எழுவாயை. "பொதுத் தகவல் அலுவலர் தகவலை வழங்க வேண்டும், அல்லது மனுவை நிராகரிக்க வேண்டும்" என்பதே இங்கே எலும்பு. அதை முதல் வாக்கியங்களாக வைத்துவிட்டு, மீதமுள்ள ஒவ்வோர் எச்சத்தையும் எடுத்து, இது அந்த எலும்பை என்ன செய்கிறது, எப்போது என்று சொல்கிறதா, எந்த நிபந்தனையில் என்று சொல்கிறதா, எதைத் தவிர என்று சொல்கிறதா என்று கேட்பேன். கிடைத்த விடைதான் அந்த எச்சம் வாக்கியமாகும்போது அதன் முதற்சொல். அப்படி எழுதியது இது:

"மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் அதன்மீது முடிவு செய்ய வேண்டும். அதாவது, அவர் தகவலை வழங்க வேண்டும். அல்லது மனுவை நிராகரிக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் பிரிவு 8 அல்லது 9-இல் கூறப்பட்ட காரணம் இருந்தால் மட்டுமே நிராகரிக்கலாம். தகவலை வழங்கக் கூடுதல் செலவு ஆகுமானால், அந்தத் தொகையைக் கேட்டு அவர் மனுதாரருக்குக் கடிதம் அனுப்புவார். அப்படிக் கடிதம் அனுப்பினால், அதை அனுப்பிய நாளுக்கும் மனுதாரர் பணம் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் 30 நாள் கணக்கில் சேரா. இந்த 30 நாள் கெடுவுக்கு ஒரு விலக்கு உண்டு: கேட்கும் தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாக இருந்தால், மனு கிடைத்த 48 மணி நேரத்திற்குள் அதை வழங்க வேண்டும்."

இது பலகையில் உள்ளதைவிட நீளம்தான். குட்டை வாக்கியம் எழுதினால் தாள் மிச்சமாகும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் இணைப்புச் சொற்களைத் தூக்கி எறிந்து மிச்சப்படுத்தியிருக்கிறார். மேலும், இதில் "ஆகுமானால்", "அனுப்பினால்", "இருந்தால்" என்று முடியும் பகுதிகளை நான் வெட்டவில்லை என்பதையும் பாருங்கள். ஒரு நிபந்தனையும் அதன் விளைவும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். அவற்றைப் பிரிக்க எந்தத் தேவையும் இல்லை. வெட்ட வேண்டியது ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை நுழையும் இடத்தில். கூடுதல் செலவு ஆகுமானால் கடிதம், கடிதம் அனுப்பினால் நாட்கழிவு என்ற இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. அவற்றை இரண்டு வாக்கியங்களாக்கி, "அப்படிக் கடிதம் அனுப்பினால்" என்று முன்னதைத் தொட்டுக்கொண்டு பின்னதைத் தொடங்கினேன். "அப்படி" என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் தளர்ந்துபோகும்.

விதியை முதலில் வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பலகையைப் படிப்பவர்களில் பலர் முதல் வரியோடு நகர்ந்துவிடுவார்கள். ஆகவே விலக்குகள் பின்னால் வருமானால், முதல் வாக்கியத்திலேயே "கீழே கூறிய சூழல்கள் நீங்கலாக" என்று ஒரு குறிப்பைத் தந்துவிடுவது நல்லது. நீளமான கடிதத்தில் இது அவ்வளவு தேவைப்படுவதில்லை.

நிபந்தனையைவிட நுட்பமாக ஏமாற்றுவது பெயரெச்சம். "கட்டணம் செலுத்தாத மனுதாரர்களுக்கு நகல்கள் வழங்கப்படமாட்டா" என்ற வாக்கியத்தைச் சுருக்குவதாக எண்ணி, "மனுதாரர்கள் கட்டணம் செலுத்தவில்லை. அவர்களுக்கு நகல்கள் வழங்கப்படமாட்டா" என்று ஒருவர் எழுதினால், எல்லா மனுதாரர்மீதும் குற்றம் சாட்டிவிட்டார். இந்தப் பெயரெச்சம் மனுதாரர்களை வருணிக்கவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினரைப் பிரித்தெடுக்கிறது. பிரித்தெடுக்கும் பெயரெச்சத்தை வெட்டவே கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் "மனுதாரர் கட்டணம் செலுத்தாவிட்டால்" என்று நிபந்தனையாக மாற்ற வேண்டும். மாறாக, "1956-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம்" என்பதில் உள்ள பெயரெச்சம் வெறும் கூடுதல் தகவல். அதைத் தனி வாக்கியமாக்கினால் ஒரு சேதமும் இல்லை. எது எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. பெயரெச்சத்தை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். மீதி உண்மையாகவே இருந்தால் வெட்டலாம். "மனுதாரர்களுக்கு நகல்கள் வழங்கப்படமாட்டா" என்பது உண்மையா?

எதிர்மறையும் அப்படித்தான். "முன் அனுமதி பெறாமல் தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லக் கூடாது" என்பது நாம் அனைவரும் கையொப்பமிட்ட விதி. இதை "முன் அனுமதி பெற வேண்டும். தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லக் கூடாது" என்று வெட்டினால், அனுமதி பெற்றவரும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். "கூடாது" என்ற முற்று "செல்ல" என்பதை மட்டும் தடுக்கவில்லை. "பெறாமல் செல்லுதல்" என்ற முழுச் செயலைத் தடுக்கிறது. இப்படி ஒரு முற்று எவ்வளவு தூரம் பின்னோக்கி ஆள்கிறது என்று பாராமல் கத்தியை வைக்கக் கூடாது.

இனி, கோப்பெழுதிப் பழகிய நமக்கே அதிகம் உரிய ஒரு நோய்: "எனவும்", "என", "உள்ளதாக". வாரிசுச் சான்று தொடர்பான ஒரு கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரலாம். "மனுதாரரின் கணவர் இறந்துவிட்டதாகவும் அவருக்கு வேறு வாரிசுகள் எவரும் இல்லை எனவும் அக்கம்பக்கத்தார் தெரிவித்ததாகக் கிராம நிர்வாக அலுவலர் அளித்த அறிக்கையைப் பரிசீலித்து, மேல் நடவடிக்கை எடுக்கப்படும்." இதில் பேசுவோர் இருவர்: அக்கம்பக்கத்தார், கிராம நிர்வாக அலுவலர். அதற்கும் மேலே, பரிசீலிக்கும் அலுவலகம் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. இதையே "மனுதாரரின் கணவர் இறந்துவிட்டார். அவருக்கு வேறு வாரிசுகள் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை அளித்துள்ளார். மேல் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதினால், அக்கம்பக்கத்தார் சொன்ன சொல் அலுவலகத்தின் தீர்மானமாகிவிடுகிறது. நாளை இன்னொரு வாரிசு வந்து நின்றால், "வேறு வாரிசுகள் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நீங்கள்.

இங்கே இணைப்புச் சொல் மட்டும் போதாது. யாருடைய சொல் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் திரும்ப வைக்க வேண்டும். "கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தாரை விசாரித்து அறிக்கை அளித்துள்ளார். அவர்கள் இரண்டு செய்திகளைக் கூறியதாக அந்த அறிக்கை தெரிவிக்கிறது. ஒன்று, மனுதாரரின் கணவர் இறந்துவிட்டார் என்பது. மற்றொன்று, அவருக்கு வேறு வாரிசுகள் இல்லை என்பது. இந்த அறிக்கையை இவ்வலுவலகம் பரிசீலித்து வருகிறது. அதன் பிறகே மேல் நடவடிக்கை எடுக்கப்படும்." "என்பது" என்ற சொல்லை இருமுறை எழுதியது அழகுக்குறைவு என்று என் பழைய மேலதிகாரி ஒருவர் அடித்திருப்பார். அடிக்கட்டும், நான் மீண்டும் எழுதுவேன்.

"பரிசீலித்து" என்ற வினையெச்சத்தையும் கவனிக்க வேண்டும். "செய்து" என்னும் வாய்பாடு தமிழில் மிகவும் தாராளமானது. "மனுவை ஆராய்ந்து நிராகரித்தார்" என்பதில் அது முன்பின் வரிசையைக் காட்டுகிறது. "ஆவணங்கள் இல்லாது போய் மனு தள்ளுபடியானது" என்பதில் காரணத்தைக் காட்டுகிறது. "கையொப்பமிட்டு உறுதி செய்தார்" என்பதில் வழிமுறையைக் காட்டுகிறது. நீண்ட வாக்கியத்துக்குள் இந்த மயக்கத்தை மறைத்துக்கொள்ளலாம். வெட்டும்போது மறைக்க முடியாது. "பிறகு" எழுதுவதா, "அதனால்" எழுதுவதா, "இதன்மூலம்" எழுதுவதா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால், மூல வாக்கியத்தை எழுதியவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். அப்போது ஊகித்து எழுதாமல் கோப்பை அவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

வெட்டியது சரியாக இருக்கிறதா என்று அறிய நான் கையாளும் சோதனை ஒன்றுண்டு. நம் இலக்கணத்தில் பொருள்கோள் வகை எட்டினுள் அடிமறிமாற்று என்பது ஒன்று: அடிகளை எப்படி இடம் மாற்றினாலும் பொருள் கெடாத செய்யுள். ஆற்றுநீர் என்பது வேறொன்று: நீரோட்டம்போல் முன்னதிலிருந்து பின்னதற்குத் திரும்பாமல் செல்வது. உங்கள் குட்டை வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுத் தாள்களில் எழுதிக் கலைத்து அடுக்குங்கள். பலகையின் ஐந்து வாக்கியங்களையும் நான் அப்படிக் கலைத்துப் பார்த்தேன். எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்றுபோலவே இருந்தன. செய்யுளுக்கு அது ஒரு நயம். அறிவிப்புக்கு அது, வாக்கியங்களுக்கிடையே உறவே இல்லை என்பதற்குச் சான்று. நான் திருத்தி எழுதியதைக் கலைத்தால், "அப்படிக் கடிதம் அனுப்பினால்" என்பது எந்தக் கடிதம் என்று தெரியாமல் உடனே தடுக்கும். அந்தத் தடுப்பு இருக்க வேண்டும்.

இன்னொன்று, "மேற்படி", "அன்னார்", "இது" ஆகிய சொற்களைப் பற்றி. ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும்போது இவை எதைச் சுட்டுகின்றன என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆறு வாக்கியங்கள் ஆன பிறகு, "மேற்படி நபர்" மனுதாரரா, அவர் கணவரா, கிராம நிர்வாக அலுவலரா? பெயர்ச்சொல்லையே திரும்ப எழுதுங்கள்.

சட்டத்தின் வாசகத்தையோ அரசாணையின் ஆணைப் பகுதியையோ இப்படி மாற்றி எழுதச் சொல்லவில்லை. அவற்றின் ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்தில் எடுத்துப் பார்க்கப்படக்கூடியது. அவற்றை வெட்டுவது வேறு தகுதியும் அதிகாரமும் உடையோரின் வேலை. நான் கேட்பது, அவற்றைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் பலகை, கடிதம், படிவத்தின் பின்பக்கக் குறிப்பு ஆகியவற்றை மட்டுமே. அங்கேயும் கீழே "சட்டப் பிரிவு 7" என்று எண்ணைக் குறித்துவிட்டால், முழு வாசகத்தைப் பார்க்க விரும்புவோர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த அம்மையார் ஜூலை 17-க்குப் பிறகும் தகவல் வராததால் மீண்டும் மேல்முறையீடு செய்தார். கெடு முடிந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள் உண்டு என்பதால் அவருக்கு நேரம் இருந்தது. கெடு தவறினால் தகவலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்வதால், செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்கும் ஒரு வரியையும் அதில் சேர்த்து எழுதினோம். பலகை மட்டும் நான் கடைசியாகப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. பலகைச் செய்திக்காக மேலே நான் எழுதிய ஏழு வாக்கியங்களை அப்படியே எடுத்து அங்கே எழுதிக்கொள்ள எவருக்கும் என் அனுமதி தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்